"திருட்டுக் குடும்பம், 24 மணி நேரம் தருகிறேன்" என்று வந்த மின்னஞ்சலுக்கு என்ன பதில் எழுதுவது?

லீட்ஸ் புதியவள்

லீட்ஸுக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. மயிலாப்பூரில் அம்மா பட்டுப்புடவை விற்கிறார், தையல்காரரிடம் ரவிக்கையும் தைத்து வாங்கிக் கொடுக்கிறார். வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல்களை நான் பார்த்துக்கொள்கிறேன். பர்மிங்காமில் ஒரு தமிழ் அம்மையார் ஒரு புடவைக்கும் நான்கு ரவிக்கைகளுக்கும் 186 பவுண்ட் கட்டியிருந்தார். மார்ச் 18 அன்று பார்சல் அவர் கைக்குப் போய்விட்டது. மறுநாள் இரவு 11.40க்கு இப்படி எழுதுகிறார்:

"இரண்டு ரவிக்கையைத் திருடிவிட்டீர்கள். திருட்டுக் குடும்பம். 24 மணி நேரத்தில் 186 பவுண்டும் வராவிட்டால் போலீசுக்குப் போவேன், எல்லா முகநூல் குழுக்களிலும் போடுவேன். உன் அம்மா வீடு எந்தத் தெரு என்று தெரியும். என் தம்பி சென்னையில்தான் இருக்கிறான்."

அம்மாவோ நான்கையும் வைத்தேன் என்கிறார். நான் எழுதி வைத்திருக்கும் பதில் இது: "முப்பது வருடமாக நேர்மையாகத் தொழில் செய்கிறோம். நான்கு ரவிக்கையும் அனுப்பினோம். மிரட்டினால் நாங்களும் போலீசுக்குப் போவோம்." அனுப்பிவிடலாமா?

டொராண்டோ பெரியப்பா

கூரியரில் யாரோ எடுத்திருப்பார்கள் அம்மா. எனக்கு வந்த மாவடு பாட்டில் பாதி காலியாக வந்தது. இனிமேல் பெட்டியைச் சுற்றி மூன்று சுற்று டேப் ஒட்டச் சொல்.

சட்டம் பேசுபவன்

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ பிரிவில் புகார் கொடுப்பேன் என்று ஒரு வரி சேருங்கள். அத்துடன் அடங்கிவிடுவார்.

பாரிமுனை ஏற்றுமதி

சகோதரி, அனுப்ப வேண்டாம். 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-லேயே ரத்து செய்துவிட்டது. செத்துப்போன பிரிவைக் காட்டி மிரட்டினால், கடிதத்தில் மற்றதும் பொய் என்றுதான் அவர் நினைப்பார்.

பதினோரு வருடமாக ஏற்றுமதி அலுவலகத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறேன். உங்கள் பதிலில் மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூடக் காகிதம் காட்டி நிறுவ முடியாது. "நான்கும் அனுப்பினோம்" என்பது அம்மாவின் ஞாபகம். பெட்டியைத் திறந்தது அந்த அம்மையார், நீங்கள் இல்லை. அவர் அட்டையில் பணம் கட்டியிருந்தால் நாளை வங்கியில் முறையிடலாம். அப்போது நீங்கள் எழுதுவதைப் படிக்கப்போவது கோபத்தில் இருக்கும் அம்மையார் மட்டுமல்ல, முன்பின் தெரியாத ஒரு வங்கி ஊழியரும்தான்.

அவர் கடிதத்தை ஒரு தாளில் பிரித்து எழுதிப் பாருங்கள். சரிபார்க்கக்கூடியது ஒன்றே ஒன்று, இரண்டு ரவிக்கை குறைகிறது என்பது. கோரிக்கை ஒன்று, 186 பவுண்ட். மீதி எல்லாம் வசை, மிரட்டல். வசைக்குப் பதில் தேவையில்லை. மிரட்டலை இப்போதைக்குத் தனியாக வையுங்கள்.

கெடு முடிவதற்குள் இதை மட்டும் அனுப்புங்கள்: "உங்கள் கடிதம் கிடைத்தது. பெட்டியில் இரண்டு ரவிக்கை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கூரியர் ரசீதையும் தையல்காரரின் பதிவையும் பார்த்துவிட்டு, மார்ச் 21 மாலை உங்கள் நேரம் 6 மணிக்குள் எழுதுகிறேன்." 'உங்கள் நேரம்' என்பதை விட்டுவிடாதீர்கள். அவருக்கு இரவு 11.40 என்றால் அப்போது சென்னையில் விடிகாலை 5.10. இந்தக் கணக்குத் தவறினால் சொன்ன நேரத்துக்கு எழுதவில்லை என்று புதிய சண்டை தொடங்கும்.

பிறகு, கூரியர் ரசீதில் எடை என்ன என்று பாருங்கள். அதே மாதிரி உள்துணி வைத்த ரவிக்கை ஒன்றைச் சமையலறைத் தராசில் நிறுக்கச் சொல்லுங்கள்.

லீட்ஸ் புதியவள்

முதல் கடிதம் போய்விட்டது. எடையும் வந்துவிட்டது, அண்ணா! ரவிக்கை ஒன்று 150 கிராம், நான்குக்கு 600. புடவை 760. பெட்டியும் உறையும் 140. மொத்தம் 1,500 கிராம். ரசீதில் 1.5 கிலோ என்றே இருக்கிறது!

சட்டம் பேசுபவன்

முடிந்தது கதை. ரசீதை முகத்தில் எறியுங்கள்.

பாரிமுனை ஏற்றுமதி

அவசரப்பட வேண்டாம். கூரியர்காரர்கள் கட்டணத்துக்காக எடையை அடுத்த அரைக்கிலோவுக்கு உயர்த்திப் போடுவார்கள். 1.01 கிலோ என்றாலும் 1.5 என்றுதான் பில் வரும். ரசீதில் தராசு காட்டிய எடை வேறொரு கட்டத்தில் இருக்கும். அதைப் பாருங்கள்.

லீட்ஸ் புதியவள்

1.19 என்று இருக்கிறது.

மாடவீதி மாமி

அடடா. 310 கிராம் குறைகிறதே.

லீட்ஸ் புதியவள்

தையல்காரரைக் கேட்டோம். கொக்கி வைப்பதற்காக எடுத்து வைத்த இரண்டு ரவிக்கைகளும் அவர் அலமாரியில் மஞ்சள் பையில் இருக்கின்றன. அம்மா அழுகிறார். நேற்று அந்தப் பதிலை அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பாரிமுனை ஏற்றுமதி

அவர் வங்கிக்குப் போயிருப்பார், உங்கள் கையெழுத்துடன் ஒரு பொய் அங்கே இருந்திருக்கும். சரி, இப்போது இப்படி எழுதுங்கள்:

"மார்ச் 19 அன்று நீங்கள் எழுதியது சரி. உங்கள் இரண்டு ரவிக்கைகள் பெட்டியில் வைக்கப்படவில்லை. அவை தையல்காரரிடமே இருந்ததை இன்று பார்த்தோம். பெட்டியின் எடை 1.19 கிலோ என்று கூரியர் ரசீது காட்டுகிறது. நான்கும் இருந்திருந்தால் ஏறக்குறைய 1.5 கிலோ வந்திருக்கும். தவறு எங்களுடையது, வருந்துகிறோம். இரண்டையும் எங்கள் செலவில் அனுப்பட்டுமா, அல்லது அவற்றுக்கான 44 பவுண்டைத் திருப்பித் தரட்டுமா? எது வேண்டும் என்று சொல்லுங்கள். கையில் இருக்கும் புடவையிலோ மற்ற இரண்டு ரவிக்கைகளிலோ குறை இருந்தால் எழுதுங்கள், அதையும் பார்க்கிறோம். ரசீதின் படம் இத்துடன் இருக்கிறது."

கவனியுங்கள், 'ஆனால்' என்ற சொல் எங்கும் இல்லை. 186 பவுண்டை மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று மட்டும் இருக்கிறது. ஐந்து நாளில் வந்துவிடும் என்றும் எழுதவில்லை. அது கூரியர் கையில் இருப்பது. கண்காணிப்பு எண் கிடைத்த பிறகு அதைத் தனியாக அனுப்புங்கள்.

சட்டம் பேசுபவன்

66ஏ விஷயத்தில் நான் சொன்னது தவறு. இருந்தாலும் 'தவறு எங்களுடையது' என்று எழுத்தில் கொடுப்பது ஆபத்து அல்லவா?

பாரிமுனை ஏற்றுமதி

தராசும் அலமாரியும் சொன்ன அளவுக்கு மட்டுமே ஒப்புக்கொள்கிறோம். 'திருடினோம்' என்று எழுதவில்லையே.

மாடவீதி மாமி

அம்மா வீட்டைப் பற்றி எழுதினாரே, அதைச் சும்மா விடுவதா? "குடும்பத்தைப் பற்றிய வரிகள் வேண்டாம்" என்று ஒரு வரியாவது வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறையும் எழுதுவார்.

பாரிமுனை ஏற்றுமதி

மாமி, பார்சலின் மேல் அனுப்புநர் முகவரி ஒட்டியிருக்கிறது. தெரு அவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். அதற்காக அதை லேசாக விடச் சொல்லவில்லை. அந்த மின்னஞ்சலை அழிக்கக் கூடாது, படம் மட்டும் எடுத்து வைத்தால் போதாது, மூலக் கடிதம் அப்படியே இருக்க வேண்டும். தம்பி என்று யாராவது வாசலுக்கு வந்தால் அம்மா கதவைத் திறக்காமல் 112-ஐ அழைக்கட்டும். புகார் கொடுக்க நேர்ந்தால், 2024 ஜூலை முதல் குற்றவியல் மிரட்டலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா 351-ஆவது பிரிவு இருக்கிறது. பொருளைப் பற்றிய கடிதத்தில் இதைக் கலக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

மாடவீதி மாமி

எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

டொராண்டோ பெரியப்பா

அம்மா, நீ மாணவர் விசாவில் போயிருந்தால் அங்கே சுயதொழில் செய்யக் கூடாது. அம்மாவின் கடைக்குக் கடிதம் எழுதுவது அதில் சேருமா என்று யாரையாவது கேட்டுக்கொள்.

லீட்ஸ் புதியவள்

மாணவர் விசாதான். இதை நான் யோசிக்கவே இல்லை, பல்கலைக்கழகத்தில் கேட்கிறேன் பெரியப்பா.

கடிதத்தை நேற்று மாலை 5.20க்கு அனுப்பினேன். மாமி சொன்ன வரியைச் சேர்க்கவில்லை. இன்று காலை ஒரே ஒரு வரி வந்திருக்கிறது. மன்னிப்பும் இல்லை, வசையும் இல்லை: "ரவிக்கையே அனுப்புங்கள். கொக்கி முன்பக்கம் வைக்கச் சொல்லுங்கள்."