மறு: சிக்னிஃபிகன்ட் – 'முக்கியமான' வேண்டாமே

மாலதி எழுதியது:
புள்ளியியல் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். அதில் ஒரு மாணவர் கேட்கிறார்: "பழைய படிவத்தை நிரப்பி முடித்தவர்கள் 12%, புதியதை முடித்தவர்கள் 15%. இது சிக்னிஃபிகன்டா?" அவ்வளவுதான் கேள்வி. எத்தனை பேர், எந்தச் சோதனை, எதைச் சோதிக்கிறார், ஒன்றும் இல்லை. 'முக்கியமானதா' என்று போட்டிருக்கிறேன். சரியா?

சேகர் எழுதியது:
இயற்பியலில் 'முக்கிய எண்ணுருக்கள்' என்கிறோம். 12-ல் இரண்டு, 12.0 என்றால் மூன்று. அதையே வைத்துக்கொள்ளலாமே?

இரகுநாதன் எழுதியது:
அது வேறு சங்கதி சேகர், ஆங்கிலச் சொல் மட்டும்தான் ஒன்று.

மாலதி, 'முக்கியமானதா' என்றால் "மூன்று புள்ளி கூடியிருக்கிறதே, முக்கியம்தான்" என்று யாரும் சொல்லிவிடலாம். மாணவர் கேட்பது அதுவல்ல. படிவத்துக்கு 200 பேர் என்று வையுங்கள்: 24 பேரும் 30 பேரும். இரு விகிதங்களை ஒப்பிடும் இசட் சோதனையில் பி-மதிப்பு ஏறக்குறைய 0.38 வரும். படிவத்துக்கு 2000 பேர் என்றால் அதே 12, 15-க்கு 0.006-க்குள் வந்துவிடும். சதவீதம் மாறவில்லை, பதில் தலைகீழ்: முதலில் 'இல்லை', அடுத்ததில் 'ஆம்'. ஆக, மாணவர் தந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு பதிலே சொல்ல முடியாது.

கயல்விழி எழுதியது:
0.38 என்றால் அந்த வேறுபாடு தற்செயலாக வந்திருக்க 38% வாய்ப்பு, இல்லையா? அப்படியானால் 'தற்செயல் கடந்த' என்று சொல்லலாம். கேட்டவுடனே புரியும்.

இரகுநாதன் எழுதியது:
சொல் எனக்கும் பிடிக்கிறது, காரணம்தான் பிசகு. படிவங்களுக்குள் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவோ இதைவிடப் பெரிதோ ஆன இடைவெளி 100-க்கு 38 தடவை தானாக வரும். 0.38 சொல்வது அதை மட்டும்தான். வேறுபாடு இல்லை என்று முதலிலேயே ஏற்றுக்கொண்டு போட்ட கணக்கு, அந்த ஏற்பு எவ்வளவு நம்பத்தக்கது என்று எப்படிச் சொல்லும்? 'கடந்த' என்றால் தற்செயல் ஒழிந்தது என்று படிப்பவர் முடிவு கட்டிவிடுவார்.

மாலதி எழுதியது:
பழைய பாடநூல்களில் 'மிகைகாண்' என்று இருக்கிறது. சிலர் 'பொருளுடைய' என்கிறார்கள்.

இரகுநாதன் எழுதியது:
எதிர்மறையில் போட்டுப் பாருங்கள், அங்கேதான் சொல்லின் குணம் தெரியும். 'பொருளற்ற வேறுபாடு' என்றால் குப்பையில் போடு என்று அர்த்தம். 200 பேரை வைத்து வந்த 0.38 அப்படியா சொல்கிறது? வேறுபாடு இருக்கலாம், அதைப் பிடிக்க 200 பேர் போதவில்லை. 'மிகைகாணாத' அந்தத் தவறைச் செய்யாது. ஆனால் வாயில் நுழையாது.

கயல்விழி எழுதியது:
நுழையாதுதான். 'மிகைகாணாத வேறுபாடு' என்று வகுப்பில் சொன்னால் எனக்கே சிரிப்பு வரும். என் ஓட்டு இன்னமும் 'தற்செயல் கடந்த'துக்குத்தான்.

மாலதி எழுதியது:
சரி, மாணவரின் வாயில் 'முக்கியமானதா' என்றே இருக்கட்டும், அந்தக் குழப்பம் அவருடையதுதானே. ஆசிரியரின் பதிலில் 'மிகைகாண்' போடுகிறேன். அப்புறம், அவர் முதலில் "எத்தனை பேர்?" என்றுதான் திருப்பிக் கேட்கிறார். அந்த வரிக்குக் கலைச்சொல்லே தேவைப்படவில்லை.