ஆர்.டி. முதிர்வுத் தொகை: சமன்பாட்டின் விடை 466 ரூபாய் குறைவது ஏன்?

கேள்வி (கணித இளங்கலை மாணவி)

அஞ்சலகத்தின் 5 ஆண்டு ஆர்.டி. கணக்கில் மாதம் 5,000 ரூபாய் செலுத்தினால், 6.7 விழுக்காடு வட்டியில் முதிர்வின்போது ஏறத்தாழ 3,56,830 ரூபாய் கிடைக்கும் என்று கணிப்பான் காட்டுகிறது. இதையே முதல் வரிசை நேரியல் வகைக்கெழுச் சமன்பாடாக எழுதி, e^(-rt) என்ற தொகையீட்டுக் காரணியால் பெருக்கித் தீர்த்தேன். மாதத் தவணையை ஆண்டுக்கு 60,000 என மாற்றிக்கொண்டேன். தொடக்கத்தில் கையிருப்பு சுழியம்.

```
S' = rS + k,  S(0) = 0
S(t) = (k/r)(e^(rt) - 1)
r = 0.067, k = 60000, t = 5
```

விடை 3,56,364 என்று வருகிறது. தீர்வை மறுபடி வகையிட்டுச் சமன்பாட்டில் பொருத்திப் பார்த்தேன், சரியாகவே இருக்கிறது. அப்படியானால் 466 ரூபாய் எங்கே போயிற்று?

பதில் 1 (கணக்குத் தணிக்கைப் பயிற்சியாளர்)

உங்கள் சமன்பாடு வட்டியை நொடிக்கு நொடி அசலோடு சேர்க்கிறது. அஞ்சலகமோ காலாண்டுக்கு ஒருமுறைதான் சேர்க்கிறது. ஆகவே 0.067 என்பதை அப்படியே r ஆக வைக்கக் கூடாது. 4 ln(1 + 0.067/4), அதாவது 0.066445 என்று வைத்துப் பாருங்கள், வேறுபாடு மறைந்துவிடும்.

மாணவி

வைத்துப் பார்த்தேன், ஐயா. விடை 3,55,843 ஆகக் குறைந்து, இடைவெளி 987 ரூபாயாக வளர்ந்துவிட்டது.

பதில் 2 (அஞ்சலகச் சேமிப்பாளர்)

கணிப்பானை நம்பாதீர்கள். நான் நான்காம் ஆண்டில் அவசரத்துக்காகக் கணக்கை முடித்தபோது, அந்தத் தொகைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. சேமிப்புக் கணக்குக்கு உரிய 4 விழுக்காடு வட்டிதான் தந்தார்கள்.

பதில் 3 (ஓய்வு பெற்ற கணிதப் பேராசிரியர்)

இரண்டாம் பதிலில் சொல்லப்படுவது முன்கூட்டியே முடித்த கணக்கு. அதற்கு விதியே வேறு. முதல் பதிலில் வட்டி வீதத்தைத் திருத்தியது முற்றிலும் சரி, ஆனால் அதுவே காரணம் என்றது பொருந்தாது. தொடர்ச்சியாகக் கூட்டினால் தொகை மிகும். மாணவியின் விடையோ குறைந்திருந்தது. ஆகவே எதிர்த்திசையில் இழுக்கும் இன்னொரு பிழை உள்ளே இருந்தாக வேண்டும், அது முதல் பிழையைவிடப் பெரியதாகவும் இருக்க வேண்டும்.

அந்தப் பிழை k-இல் இருக்கிறது. r-ஐச் சுழியத்துக்கு அருகில் கொண்டுபோனால் சமன்பாடும் கணிப்பானும் ஒரே 3,00,000 ரூபாயைத் தரும். எனவே k-இன் அளவு சரி, பணம் சேரும் நேரம்தான் தவறு. சமன்பாட்டில் 5,000 ரூபாய் மாதம் முழுவதும் சொட்டுச் சொட்டாக விழுகிறது, அதாவது சராசரியாக மாத நடுவில் சேர்கிறது. ஆர்.டி.யிலோ முழுத் தவணையும் மாதத் தொடக்கத்திலேயே சேர்ந்துவிடுவதாகக் கணிப்பான் கொள்கிறது. ஒவ்வொரு தவணையும் அரை மாத வட்டியைக் கூடுதலாக ஈட்டுவதால், திருத்திய விடையை e^(r/24)-ஆல் பெருக்குங்கள்.

```
355843 × e^(0.066445/24) ≈ 356829
```

இதையே தொடக்க நிபந்தனை வழியாகவும் பார்க்கலாம். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். செலுத்திய தொகையை வரைந்தால் கணிப்பானின் கோடு படிக்கட்டு, உங்களுடையது சாய்தளம்; படிக்கட்டு சாய்தளத்துக்கு மேலே சராசரியாக அரைத் தவணை உயரத்தில் செல்கிறது. எனவே S(0) = 2500 எனத் தொடங்கி, முடிவில் அந்த 2,500-ஐக் கழித்துவிட்டால், கூடுதலாகக் கிடைப்பது 2500(e^(rt) - 1), ஏறத்தாழ 985 ரூபாய். காணாமற்போன 987-க்கு மிக அருகில் வந்துவிடுகிறது.

ஆக வீதத்தால் 521 ரூபாய் மிகுந்தது, நேரத்தால் 987 ரூபாய் குறைந்தது. இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு மறைத்துக்கொண்டதால்தான் முதலில் 466 என்று சிறிதாகத் தெரிந்தது.

பதில் 1 (மீண்டும்)

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வங்கியின் கணிப்பானில் இதே வீதத்தை இட்டால் 3,56,836 என்று வருகிறதே?

பதில் 3

காலாண்டுக்குள் தனிவட்டியும், காலாண்டு முடிவில் கூட்டுவட்டியும் போட்டால் அந்த எண் வரும். ஒரு காலாண்டின் மூன்று தவணைகளுக்கு வட்டி 167.50 ரூபாய், 15,167.50-ஐ 20 காலாண்டுகளுக்குக் கூட்டிப் பாருங்கள். எந்த வங்கி எந்த முறையைக் கையாள்கிறது என்பதை அவரவர் விதிமுறையில்தான் பார்க்க வேண்டும். இந்த ஏழு ரூபாயைச் சமன்பாட்டிலிருந்து எதிர்பார்க்க முடியாது.

பதில் 2 (மீண்டும்)

இடையில் இரண்டு தவணை தவறினால், அதையும் k-க்குள் கொண்டுவர முடியுமா?

பதில் 3

அந்த இரண்டு மாதங்களுக்கு k = 0 என வைத்துத் துண்டு துண்டாகத் தீர்க்கலாம்; ஒரு துண்டின் இறுதித் தொகையே அடுத்த துண்டின் தொடக்கத் தொகை. பின்னர் நிலுவையைச் செலுத்தும் நாளில் S ஒரே தாவலாக உயரும். நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் வீதம் மாதந்தோறும் வசூலிக்கும் தாமதக் கட்டணம் கணக்கில் சேர்வதில்லை. எனவே அது S-க்குள் வராது.

மாணவி

நன்றி, ஐயா. ஆண்டுதோறும் தவணையை உயர்த்திக்கொண்டே போனால் k-உம் t-ஐப் பொறுத்து மாறும் அல்லவா? அப்போதும் இந்த அரை மாதப் பெருக்கி அப்படியே செல்லுமா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.