ஏப்ரல்ல வந்த லீட் எப்படி நவம்பர்ல போய் உட்கார்ந்தது? (எக்செல் பட்ட பாடு)

வடவள்ளி பஸ்:

எம்பிஏ முதல் வருஷம் முடிச்சுட்டு கோவையில ஒரு கிரைண்டர் கம்பெனியில மார்க்கெட்டிங் இன்டர்னா சேர்ந்தேன். ஜூன் முதல் வாரம் மேனேஜர் சார் மூணு ஃபைலை அனுப்பி, "ஏப்ரல், மே ரெண்டு மாசத்துல எந்த வழியில எத்தனை விசாரணை வந்துச்சுன்னு ஒரு பக்கத்துல குடும்மா"ன்னார். ஒண்ணு வெப்சைட் ஃபார்ம்ல இருந்து இறக்கின சிஎஸ்வி. இன்னொண்ணு ஏப்ரல் 18 முதல் 20 வரை போட்ட கண்காட்சி ஸ்டாலோட சிஎஸ்வி. மூணாவது சேல்ஸ் அண்ணா ஒருத்தர் கையால அடிச்சு வெச்ச எக்செல் ஷீட். மொத்தம் 640 வரி.

மூணையும் டபுள் கிளிக் பண்ணித் திறந்து ஒண்ணுக்கு கீழ ஒண்ணா ஒட்டினேன். மாசத்தைத் தனியா எடுக்க ஒரு காலம் போட்டேன். பாதி வரிக்கு மேல `#VALUE!`ன்னு வந்துச்சு. பார்க்கவே அசிங்கமா இருந்ததால இப்படிப் போட்டு மறைச்சுட்டேன்:

```
=IFERROR(MONTH(A2),"")
```

பிவட் போட்டப்போ பேரே இல்லாம ஒரு வரி வந்துச்சு. அதோட டிக்கையும் எடுத்துட்டேன். சார்ட் அழகா வந்துடுச்சு.

மீட்டிங்ல சார் ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு, "நவம்பர்ல 22 பேர் விசாரிச்சிருக்காங்களே, இன்னும் ஜூனே முடியலையேம்மா?"ன்னார். ஸ்டால் பசங்க தப்பா அடிச்சிருப்பாங்கன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதை விட மோசம், என் சார்ட்டுல ஸ்டாலுக்கு நேரா பூஜ்யம். அடுத்த வருஷம் ஸ்டாலே வேண்டாம்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. அந்த மூணு நாள்ல ஃபார்ம் நிரப்பினவங்க 143 பேர்.

இப்போதைக்கு ஒரு வாரம் டைம் வாங்கியிருக்கேன். யாருக்காவது இந்த மாதிரி நடந்திருக்கா?

செல்லுக்குள் சிக்கியவன்:

இது ரொம்ப சிம்பிள் சிஸ்டர். காலத்தை செலக்ட் பண்ணி கன்ட்ரோல்+1 அடிங்க, Format Cells-ல dd-mm-yyyy கொடுங்க. எல்லாம் நேராயிடும். நான் மூணு வருஷமா இப்படித்தான் பண்றேன்.

பழைய எம்ஐஎஸ்:

தம்பி, அது சட்டையை மாத்துற வேலை, ஆளை மாத்துறது இல்லை. மூணு வருஷமா தப்பு இருந்தும் உங்க கண்ணுல படலையோ என்னவோ.

வடவள்ளி, உங்க லேப்டாப்போட Region செட்டிங் அமெரிக்காவா இருக்கும், பாருங்க. புது மெஷினை அப்படியே எடுத்துக் கொடுத்துடுவாங்க, யாரும் மாத்த மாட்டாங்க. சிஎஸ்வியில `11/04/2025`ன்னு இருக்கறது நமக்கு ஏப்ரல் 11. அமெரிக்க செட்டிங்ல எக்செல் அதை நவம்பர் 4ன்னு படிச்சு நிஜமான தேதியாவே மாத்தி வெச்சுடும். `18/04/2025` வந்தா பதினெட்டாவது மாசம்னு ஒண்ணு இல்லையே, அதனால தொடாம வெறும் எழுத்தா விட்டுடும். அதான் உங்க `#VALUE!`. ஸ்டால் நடந்த மூணு நாளும் பன்னெண்டுக்கு மேற்பட்ட தேதி, அதனால ஸ்டால் முழுசா காணாம போச்சு.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன். அலைன்மென்ட் எதுவும் கொடுக்காம காலத்தைப் பாருங்க. வலது பக்கம் ஒட்டியிருந்தா தேதி, இடது பக்கம் ஒட்டியிருந்தா எழுத்து. அப்புறம் இதை ரெண்டையும் போட்டுப் பாருங்க:

```
=COUNT(A2:A641)
=COUNTA(A2:A641)
```

முதல் எண் ரெண்டாவதை விடக் குறைவா இருந்தா, அந்த வித்தியாசம் அத்தனையும் எழுத்தா கிடக்குற தேதி.

வடவள்ளி பஸ்:

போட்டேன் சார். 252, 640. அப்போ 388 வரியைத்தான் நான் டிக் எடுத்து தூக்கிப் போட்டிருக்கேன். கை நடுங்குது.

இன்னொண்ணு கவனிச்சேன். தேதியா இருக்குற வெப்சைட் வரி எல்லாமே ஏதாவது ஒரு மாசத்தோட 4ஆம் தேதி, இல்லேன்னா 5ஆம் தேதி. ஜனவரி 4, பிப்ரவரி 5, நவம்பர் 4... முன்னாடி இது கண்ணுல படவே இல்லை.

பழைய எம்ஐஎஸ்:

படாதுதான். நாலும் அஞ்சும் உங்க ஏப்ரலும் மேயும். மாசம் நாளா மாறி நிக்குது.

மொய்நோட்டு:

எனக்கும் இதே மாதிரி நடந்துச்சு! தங்கச்சி கல்யாண மொய் நோட்டை எக்செல்ல ஏத்தி, ஊர் வாரியா கூட்டலாம்னு பிவட் போட்டேன். `Trichy` தனியா, `Tiruchi` தனியா, `Trichy`க்குப் பின்னாடி ஒரு ஸ்பேஸ் விட்டது தனியா, தமிழ்ல 'திருச்சி' தனியா. ஒரே ஊர் நாலு வரி. பெரியப்பா எவ்வளவு செஞ்சார்னு கடைசி வரைக்கும் சண்டை. TRIM போட்டா சரியாயிடும்னு சொன்னாங்க, பாதிதான் சரியாச்சு.

செல்லுக்குள் சிக்கியவன்:

ப்ரோ, இங்க தேதியைப் பத்திப் பேசிட்டு இருக்கோம்.

ரிப்போர்ட் அக்கா:

இருக்கட்டும் விடுங்க, வடவள்ளி ஃபைல்லயும் ஊர் காலம் ஒண்ணு இருக்குமே. மொய்நோட்டு, வெப் பக்கத்துல இருந்து காப்பி பண்ணி ஒட்டினா வேற ஒரு வகை ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டு வரும். பார்க்க சாதா ஸ்பேஸ் மாதிரியே இருக்கும், TRIM அதைத் தொடாது. முதல்ல அதைச் சாதாவா மாத்தணும்:

```
=TRIM(SUBSTITUTE(C2,CHAR(160)," "))
```

அதுக்கு மேலயும் மிஞ்சுற பேருக்கு ஃபார்முலா தேடாதீங்க. ஒரு தனி ஷீட்ல இடது பக்கம் ஃபைல்ல இருக்குற மாதிரியே எல்லா ஊர்ப் பேரையும் ஒரு தடவை எழுதி, வலது பக்கம் நீங்க முடிவு பண்ண பேரை எழுதி, VLOOKUP பண்ணிக்கோங்க. கடைசி ஆர்க்யுமென்ட் FALSE கட்டாயம் கொடுங்க. நான் இன்டர்னா இருந்தப்போ 'சாயிபாபா காலனி'ன்னு எழுதினவங்களை கோவையில சேர்க்கறதா, தனியா விடறதான்னு அரை நாள் யோசிச்சேன். அதை எக்செல் சொல்லாது, மேனேஜர்கிட்டதான் கேட்கணும்.

நான் சென்னையில ஒரு கோச்சிங் சென்டர்ல இன்டர்னா இருந்த கதை வேற. டூப்ளிகேட் நீக்குன்னாங்க. பேர் காலத்தை மட்டும் வெச்சு Remove Duplicates அடிச்சேன். ஊர்ல எத்தனை கார்த்திக்! ஒருத்தனைத் தவிர எல்லா கார்த்திக்கும் காலி. அப்புறம் போன் நம்பரை வெச்சுப் பண்ணலாம்னா, ஒருத்தர் +91 போட்டிருக்கார், ஒருத்தர் முன்னாடி பூஜ்யம், ஒருத்தர் நடுவுல ஸ்பேஸ். ஸ்பேஸையும் கோடையும் எடுத்துட்டு கடைசி பத்து எண்ணை மட்டும் வெச்சுக்கிட்டா ஓரளவு வரும்:

```
=RIGHT(SUBSTITUTE(SUBSTITUTE(B2," ",""),"-",""),10)
```

இதுலயும் அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரும் அப்பா நம்பரையே கொடுத்திருந்தாங்க. அதனால நீக்காம, பக்கத்துல COUNTIF போட்டு ஒண்ணுக்கு மேல வர்றதைக் கண்ணால பார்த்துத்தான் எடுத்தேன்.

வடவள்ளி, 91 சேர்த்து அடிச்ச நம்பர் `9.19877E+11`ன்னு தெரிஞ்சா, அப்படியே சிஎஸ்வியா சேவ் பண்ணிடாதீங்க. தெரியறதைத்தான் அது எழுதும், மிச்ச எண் போனது போனதுதான். காலத்தை அகலப்படுத்தி Number, டெசிமல் பூஜ்யம்னு மாத்திட்டு அப்புறம் சேவ் பண்ணுங்க.

வடவள்ளி பஸ்:

நல்லவேளை அக்கா, இன்னும் சேவ் பண்ணலை. தேதிக்கு நானே ஒண்ணு எழுதிப் பார்த்தேன், சரியா சொல்லுங்க. தேதியா இருந்தா நாளையும் மாசத்தையும் இடம் மாத்து, எழுத்தா இருந்தா வெட்டி எடு:

```
=IF(ISNUMBER(A2),
 DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2)),
 DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2)))
```

பழைய எம்ஐஎஸ்:

ஃபார்முலா சரி. ஆனா தேதியா இருக்குற 252ம் தப்பா மாறினதுதான்னு நீங்களே வெச்சுக்கிட்டீங்க. அதுல ஒண்ணு ரெண்டு ஏற்கெனவே சரியா இருந்தா, அதைப் போய் கெடுத்துடும். சிஎஸ்வி ஒரிஜினல் கையில இருக்கும்போது ஒட்டுப்போட வேண்டாம், முதல்ல இருந்து வாங்க.

காலி ஷீட் திறந்து Data > From Text/CSV வழியா ஃபைலை எடுங்க. Load அடிக்காம Transform Data அடிங்க, Power Query திறக்கும். வலது பக்கம் Changed Typeன்னு ஒரு ஸ்டெப் தானா சேர்ந்திருக்கும், அதை எடுத்துடுங்க. அப்புறம் தேதி காலத்துத் தலையில ரைட் கிளிக், Change Type > Using Locale, அதுல Date, English (India). இப்படிப் பண்ணா லேப்டாப் எந்த ஊர் செட்டிங்ல இருந்தாலும் கவலை இல்லை. அடுத்த மாச ஃபைல் அதே பேர்ல, அதே இடத்துல வந்தா Refresh மட்டும் போதும்.

முடிஞ்சதும் MIN, MAX பாருங்க. ஏப்ரல் 1க்கு முன்னாடியோ மே 31க்குப் பின்னாடியோ ஒண்ணு வந்தாலும் நிறுத்திடுங்க.

செல்லுக்குள் சிக்கியவன்:

Region-ஐ இந்தியாவுக்கு மாத்திட்டா போதாதா? எதுக்கு இவ்வளவு சுத்தல்?

பழைய எம்ஐஎஸ்:

மாத்தட்டும், நல்லதுதான். இனிமே திறக்குற சிஎஸ்விக்கு உதவும். ஏற்கெனவே எக்செல்ல சேவ் ஆன நவம்பர் 4 நவம்பர் 4ஆவேதான் நிக்கும்.

வடவள்ளி பஸ்:

ரெண்டு நாள் கழிச்சு வர்றேன். வெப்சைட், ஸ்டால் ரெண்டும் Power Query வழியா வந்தாச்சு. MIN ஏப்ரல் 1, MAX மே 31. ஸ்டாலோட 143ம் திரும்பி வந்துடுச்சு. சார்கிட்ட புது சார்ட்டைக் காட்டினேன், திட்டலை. "அந்த IFERROR-ஐ இனிமே எனக்குத் தெரியாம போடாதே"ன்னு மட்டும் சொன்னார்.

மூணாவது ஷீட்தான் இழுக்குது. சேல்ஸ் அண்ணா அதே லேப்டாப்ல கையால அடிச்சது. ஆரம்பத்துல 7/4ன்னு அடிச்சிருக்கார், அது ஜூலை 4 ஆயிடுச்சு. பாதியில அவரே பார்த்துட்டு, மாசத்தை முன்னாடி போட்டு அடிக்க ஆரம்பிச்சுட்டார். எந்த வரியில இருந்துன்னு அவருக்கே ஞாபகம் இல்லை.

பழைய எம்ஐஎஸ்:

ஜூலை, நவம்பர்னு நிக்கறது எல்லாம் தப்புன்னு தெரியும், திருப்பிடலாம். ஏப்ரல்லயும் மேயிலயும் நிக்கற மிச்சம் சரின்னு எடுத்துக்கலாம், ரெண்டு தேதியைத் தவிர. ஏப்ரல் 5ம் மே 4ம். அது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு திரும்பினாலும் உங்க ரெண்டு மாசத்துக்குள்ளதான் விழும், MIN MAX பார்த்தாலும் மாட்டாது.

ரிப்போர்ட் அக்கா:

அந்த வரியில இருக்குற நம்பருக்கு அவர் எப்போ போன் பண்ணார்னு கால் லாக்ல பார்க்கச் சொல்லுங்களேன். அவ்வளவு பழசு இருக்குமான்னுதான் தெரியலை.

வடவள்ளி பஸ்:

அப்படி 7 வரி இருக்கு அக்கா. கேட்டேன், அண்ணா மே கடைசியில போன் மாத்திட்டாராம். மொத்தத்துல சேர்த்துட்டேன், மாசத்துல சேர்க்கலை. மஞ்சள் அடிச்சு 'மாதம் உறுதியில்லை'ன்னு தனி வரியா வெச்சிருக்கேன். திங்கட்கிழமை மீட்டிங்ல கண்டிப்பா யாராவது கேட்பாங்க.

மொய்நோட்டு:

அக்கா சொன்ன CHAR(160) வேலை செஞ்சுது. திருச்சி இப்போ மூணு வரிதான். ஆனா பெரியப்பா இன்னும் பேசலை.