அப்ளாஸ்டிக் அனீமியாவுக்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்?

கதிர் எழுதியது:
வணக்கம். நோயாளிங்க கையில குடுக்குற துண்டுப் பிரசுரம் ஒண்ணு எழுதிட்டிருக்கேன், மஜ்ஜையில ரத்த செல் உருவாகாம போற அப்ளாஸ்டிக் அனீமியாங்கிற இடத்துல வந்து நின்னுடுச்சு. வெறும் ரத்தசோகைன்னு போட்டா முருங்கைக்கீரையும் பேரீச்சையும் போதும்னு வீட்ல இருந்துடுவாங்க. என்ன போடலாம்?

முருகேசன் எழுதியது:
தம்பி, 'மஜ்ஜைப் புற்று'ன்னு போட்டுடுங்க. லுக்கிமியாவோட ஆரம்ப கட்டம்தானே இது? ரெண்டுலயும் மஜ்ஜைதான் கெடுது, ரெண்டுக்கும் மஜ்ஜை மாத்துறாங்க.

ரேவதி எழுதியது:
ஐயா, 'புற்று' மட்டும் வேண்டாம். நான் ரத்தப் பரிசோதனை லேப்ல இருக்கேன், எங்ககிட்ட வந்த ஒரு 22 வயசுப் பொண்ணு ரிப்போர்ட்டைச் சொல்றேன். ஈறுல ரத்தம், கால்ல சின்னச் சின்ன சிவப்புப் புள்ளி, விடாத காய்ச்சல். ஹீமோகுளோபின் 6, நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளையணு 300, பிளேட்லெட் 9,000, அதாவது மூணு வகையும் சேர்ந்தே விழுந்திருக்கு. புதுசா பிறக்குற சிவப்பணு, ரெட்டிகுலோசைட், கிட்டத்தட்ட இல்லவே இல்லை. மண்ணீரல் வீங்கல.

இவ்வளவை வச்சு லுக்கிமியா இல்லைன்னு சொல்லிட முடியாது, ஏன்னா லுக்கிமியாவிலயும் வெள்ளையணு எப்பவும் ஏறித்தான் இருக்கணும்னு இல்ல, சிலருக்குக் குறைஞ்சே வரும். அதனால இடுப்பெலும்பு பின்பக்கத்துல ஊசி போட்டு மஜ்ஜையை உறிஞ்சி எடுத்தது போக, எலும்போட ஒரு சின்னத் துண்டும் எடுத்தாங்க. உறிஞ்சினதுல ரத்தம் கலந்துட்டா செல் கம்மியா இருக்குற மாதிரி ஏமாத்தும், துண்டுதான் நிஜத்தைக் காட்டும். அந்த வயசுக்குத் துண்டுல பாதிக்கு மேல செல் இருக்கணும், இவளுக்குப் பத்துல ஒரு பங்குகூட இல்ல, மிச்சம் முழுக்க கொழுப்பு. முதிராத பிளாஸ்ட் செல் ஒண்ணுகூட கண்ணுல படல. அக்யூட் லுக்கிமியான்னா அந்த பிளாஸ்ட்தான் 20 சதவீதத்துக்கு மேல மண்டிக் கிடக்கும், நல்ல செல்லுக்கு இடமே இருக்காது. அங்க களை மூடின வயல், இங்க விதையே இல்லாத வயல்.

விதை ஏன் போச்சுன்னா, பெரும்பாலும் உடம்போட சொந்த எதிர்ப்பு செல்லான டி செல்லே மூலச்செல்லைத் தாக்குது. அதனாலதான் குதிரை சீரத்துல இருந்து எடுக்குற ஏடிஜி, கூட சைக்ளோஸ்போரின்னு எதிர்ப்பு சக்தியை அடக்குற மருந்து குடுக்குறாங்க. பொருந்துற அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி இருந்தா இளவயசுக்காரங்களுக்கு நேரா மஜ்ஜை மாற்று. புற்றுன்னு பேர் போட்டா வீட்ல எல்லாரும் கீமோ எப்பன்னு கேட்டுட்டு நிப்பாங்க.

ஐயா சொன்னதுல ஒரு பாதி நிஜம் இருக்கு, சிலருக்கு வருஷங்கள் கழிச்சு லுக்கிமியாவா மாறுறது உண்டு. ஆனா இது அதோட முதல் கட்டம் இல்ல.

ஜெயந்தி எழுதியது:
படிச்சதும் பயமா இருக்கு, எனக்கும் ஹீமோகுளோபின் 8தான், மஜ்ஜை டெஸ்ட் எடுக்கணுமா?

ரேவதி எழுதியது:
ஜெயந்திக்கா, பிளேட்லெட்டும் வெள்ளையணுவும் எவ்வளவு, சிவப்பணு சைஸைச் சொல்ற எம்சிவி எவ்வளவு?

ஜெயந்தி எழுதியது:
பிளேட்லெட் 3.8 லட்சம், வெள்ளை 7,000, எம்சிவி 68ன்னு போட்டிருக்கு. பீரியட்ஸும் ரொம்ப அதிகம்.

ரேவதி எழுதியது:
சிவப்பு மட்டும் குறைஞ்சு, சைஸும் சின்னதா இருக்கு, இரும்புச்சத்து கம்மி மாதிரிதான் தெரியுது. அப்ளாஸ்டிக்ல எம்சிவி சாதாரணமாவோ கொஞ்சம் பெருசாவோதான் இருக்கும். இரும்பு இருப்பைக் காட்டுற ஃபெரிடின் பாக்கச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க, பீரியட்ஸையும் சொல்லுங்க.

தவராசா எழுதியது:
யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். எங்கட பக்கம் குருதிச்சோகை எண்டுதான் சொல்லுறது. 1888இல எர்லிக் எண்ட வைத்தியர் ஒரு கர்ப்பிணிப் பெண்ணில இதைக் கண்டு எழுதினவர், 'அப்ளாஸ்டிக்' எண்ட பேர் 1904இல சோஃபார் வச்சது. உருவாக்கம் இல்லை எண்டதுதான் பொருள், ஆனபடியா 'ஆக்கமறு குருதிச்சோகை' எண்டு போடலாமே?

முருகேசன் எழுதியது:
'ஆக்கமறு' நல்லாத்தான் இருக்கு. ஆனா 'சோகை' வந்தாலே மறுபடி கீரைதானே? 'மஜ்ஜை வறட்சி'ன்னா ஜனங்களுக்குப் புரியும்.

ரேவதி எழுதியது:
வறட்சின்னா லேப்ல குழப்பம் வரும் ஐயா. ஊசியில ஒண்ணும் வராம போறதை நாங்க டிரை டேப்ங்கிறோம், அது மஜ்ஜை நாராகிப் போனாலும் வரும், லுக்கிமியா செல் நெருக்கி அடைச்சிருந்தாலும் வரும். 'மஜ்ஜை ஆக்கமின்மை' எனக்கு ஓகே, மூணு செல்லும் அதுல அடங்கிடும்.

கதிர் எழுதியது:
அப்ப தலைப்புல 'மஜ்ஜை ஆக்கமின்மை', கீழ அப்ளாஸ்டிக் அனீமியான்னு தமிழ் எழுத்துல. ரத்தம் ஏத்துறதைப் பத்தி ஒரு வரி வேணும், என்ன எழுத?

ரேவதி எழுதியது:
மஜ்ஜை மாத்த வாய்ப்பு இருக்குறவங்களுக்கு கூடப்பிறந்தவங்க, அப்பா அம்மா ரத்தம் ஏத்தக் கூடாதுன்னு போடுங்க. பாசத்துல முதல்ல ஓடி வர்றது அவங்கதான், அந்த ரத்தத்தால பின்னாடி வைக்கிற மஜ்ஜையை உடம்பு தள்ளிவிடலாம்.

தவராசா எழுதியது:
மஜ்ஜை இல்லை, இஞ்ச 'என்புமச்சை' எண்டுதான் எழுதுவினம். அதோட எம்டிஎஸ் எண்ட இன்னொரு மச்சை வருத்தத்திலயும் சிலருக்கு மச்சை இப்பிடி வெறுமையாத்தான் இருக்குமாம், அதுக்கு என்ன பேர் வைக்கிறது?

ரேவதி எழுதியது:
அதைப் பிரிக்க குரோமோசோம் வரைக்கும் போகணும், அப்பவும் சில ரிப்போர்ட்ல நாங்களே கேள்விக்குறி போட்டுத்தான் அனுப்புறோம். அந்தப் பேருக்குத் தனி இழை தொடங்குங்க அண்ணா.