புதுப்பிப்பு: மஞ்சள் பாலும் முழங்கால் வலியும்

"தினமும் ராத்திரி மஞ்சள் பால் குடித்தால் மூட்டு வலி குறையுமா? எவ்வளவு போடலாம்?" என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன்.

ஆறு வாரம் குடித்துவிட்டேன். படி இறங்கும்போது வரும் வலி அப்படியேதான் இருக்கிறது.

மருந்தாளுநர் நண்பர் சொன்ன கணக்கு இப்போது புரிகிறது. அரை டீஸ்பூன் தூள் ஒன்றரை கிராம் இருக்கும். அதில் வலியைக் குறைக்கும் என்று சொல்லப்படும் குர்குமின் என்ற பொருள் சுமார் 50 மில்லிகிராம்தான். மூட்டுத் தேய்மான ஆய்வுகளில் கொடுத்தது பெரும்பாலும் தினம் 500 மில்லிகிராமோ அதற்கு மேலோ, அதுவும் பிரித்தெடுத்தது. மிளகு சேர்க்கச் சொன்னவர் பாதி சரி: உடம்பில் கூடுதலாகச் சேரும், ஆனால் அதனால் இந்த இடைவெளி முழுதாக நிரம்பிவிடும் என்று சொல்ல முடியாது.

ஒரு டீஸ்பூன் போட்ட வாரம் நெஞ்செரிச்சல் வந்தது, அப்புறம் அரைக்கே திரும்பினேன். பெரியவர்களுக்கு அது போதும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுவதாகச் சொன்ன அக்கா, மஞ்சள் மாத்திரைக்குப் போகாதீர்கள், மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். பித்தப்பைக் கல் உள்ளவர்களும் அப்படியே.

தூக்கம் நன்றாக வருகிறது. அது மஞ்சளாலா, சூடான பாலாலா, தெரியவில்லை.