இன்சுலாவே மின்னுகிறது: 64 பேரின் மூளைச் சேத வரைபடத்தில் ஒரு சந்தேகம்

காட்பாடி ஆய்வு மாணவி:
பக்கவாதத்தால் இடப்பக்க மூளை பாதிக்கப்பட்ட 64 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களில் சேதத்தைக் கையால் வரைந்து, எல்லாவற்றையும் ஒரே பொது மூளை வடிவத்துக்குப் பொருத்தியிருக்கிறேன். வேலூர், ஆரணி, ஆம்பூர் பக்கத்து மக்கள். பாதிப்பு வந்து ஆறு மாதம் கடந்தவர்கள். நான் தேடுவது பேச்சு அப்ராக்ஸியா. "பலகாரம்" என்று சொல்லச் சொன்னால் ஒருவர் "பகலாரம்" என்கிறார். நிறுத்தி, உதட்டைக் குவித்துத் தேடி, "கபலாரம்" என்கிறார். சொல் தெரியும், வாய்க்கு வழி தெரியவில்லை. ஒவ்வொருவரின் திணறலுக்கும் ஒரு மதிப்பெண் வைத்து, எந்த இடத்துச் சேதத்தோடு அது பொருந்துகிறது என்று R மொழியின் LESYMAP-இல் பார்த்தேன்:

```
lesymap(lesions, score, method='BMfast',
  minSubjectPerVoxel='10%',
  multipleComparison='FWERperm', nperm=1000)
```

மதிப்பெண்களை 1000 முறை கலைத்துப் பார்த்தும், மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் மறைந்திருக்கும் இடது இன்சுலா அசையவில்லை. 1996இல் மூளை ஆய்வாளர் டிராங்கர்ஸ் பார்த்த 25 அப்ராக்ஸியா நோயாளிகளுக்கும் அங்கேதான் சேதம். பேச்சசைவைத் திட்டமிடும் இடம் இன்சுலா என்று எழுதிவிடலாமா? வழிகாட்டி எழுதச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

புள்ளியியல் பித்தன்:
சேதத்தின் மொத்த அளவைக் கணக்கில் சேர்க்கவில்லையே! பெரிய சேதம் என்றால் எல்லாக் குறையும் இருக்கும், இன்சுலாவும் போயிருக்கும். `correctByLesSize='behavior'` என்று போடுங்கள், சரியாகிவிடும்.

குடியாத்தம் மகள்:
என் அப்பாவுக்கும் இதே மாதிரிதான், அம்மா பெயரைச் சொல்லவே திணறுகிறார். இந்த வரைபடத்தை வைத்து அவருக்குப் பேச்சு திரும்புமா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

பழைய நரம்பியல் ஆசிரியர்:
அம்மா, இது பலரைச் சேர்த்துப் பார்க்கும் படம். உங்கள் அப்பா ஒருவரைப் பற்றி இதிலிருந்து சொல்லக் கூடாது. பேச்சுப் பயிற்சியாளரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள்.

மாணவிக்கு: அளவைச் சேர்ப்பது பாதி மருந்து. நடு மூளைத் தமனி இன்சுலாவின் மேல்தான் கிளை பிரிந்து வெளியே போகிறது. அந்தத் தமனி அடைபட்டால் யாருக்கும் முதலில் அடிபடும் இடங்களில் அது ஒன்று. ஆகவே சின்னச் சேதத்திலும் இந்தச் சாய்வு இருக்கும். 1000 முறை கலைத்தது "இது தற்செயல் இல்லை" என்று மட்டுமே சொல்லும். இடம் சரியா என்பதற்கு அது சாட்சி ஆகாது. படத்தை மூடிவைத்துவிட்டு ஆட்களை எண்ணுங்கள். இன்சுலா, அதையடுத்த கீழ் நெற்றி மடிப்பின் பின்பகுதி, இரண்டையும் தனித்தனியாக.

காட்பாடி ஆய்வு மாணவி:
எண்ணினேன், ஐயா. அப்ராக்ஸியா உள்ளவர்கள் 24 பேர். இரண்டு இடமும் போனவர்கள் 22, அவர்களில் 19 பேருக்கு அப்ராக்ஸியா. இன்சுலா மட்டும் போன 9 பேரில் ஒருவருக்கு. நெற்றி மடிப்பு மட்டும் போன 4 பேரில் மூவருக்கு. இரண்டும் தப்பிய 29 பேரில் ஒருவருக்கு. நெற்றி மடிப்பல்லவா குற்றவாளியாகத் தெரிகிறது! படம் ஏன் அதைக் காட்டவில்லை?

பழைய நரம்பியல் ஆசிரியர்:
படம் மடிப்பை முழுதாகப் பார்ப்பதில்லை, வாக்ஸல் என்கிற சின்னஞ்சிறு கனத் துண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. மடிப்பை மூன்றாகப் பிரித்து எண்ணிப் பாருங்கள்.

காட்பாடி ஆய்வு மாணவி:
ஒவ்வொரு பாகத்திலும் 10 பேர்தான். நால்வருக்கு மட்டும் இரண்டு பாகம். முதல் பாகத்தில் 10க்கு 9 பேருக்கு அப்ராக்ஸியா. ஆனால் அந்தப் பாகம் தப்பிய 54 பேரிலும் 15 பேருக்கு இருக்கிறது.

பழைய நரம்பியல் ஆசிரியர்:
அந்த 15 பேரில் பெரும்பாலோருக்கு மடிப்பின் மற்ற பாகங்கள் போயிருக்கின்றன. கணக்கோ அவர்களை "சேதமில்லாதவர்" வரிசையில் நிறுத்தி, முதல் பாகத்தின் மதிப்பைக் குறைக்கிறது. மூன்று பாகத்துக்கும் இதே கதி. இன்சுலாவிலோ 31 பேரின் சேதமும் ஒரே இடத்தில் குவிகிறது: 31க்கு 20, தப்பிய 33க்கு 4. தனி வாக்ஸல் போட்டியில் அதுவே ஜெயிக்கும். 2014இல் மா, நாச்சேவ் முதலானோர் 581 பேரின் சேதப் படங்களில் இதைச் சோதித்து, இடம் சராசரியாக 16 மில்லிமீட்டர் அளவுக்கு நகர்வதாகக் காட்டினார்கள். இன்சுலாவிலிருந்து நெற்றி மடிப்புக்குப் போக அது போதும்.

புள்ளியியல் பித்தன்:
அப்படியானால் எல்லா வாக்ஸலையும் சேர்த்துப் பார்க்கும் முறைக்கு மாறலாமே?

பழைய நரம்பியல் ஆசிரியர்:
மாறலாம், ஆனால் 64 பேர் அதற்குக் குறைவு. சேர்ந்தே சாகிற இரண்டு இடங்களை எந்தக் கணக்கும் பிரித்துத் தராது. பிரித்துத் தருவது அந்த 9 பேரும் 4 பேருமே. அதுவும் மிகக் கொஞ்சம்.

காட்பாடி ஆய்வு மாணவி:
இன்சுலா மட்டும் போயும் திணறுகிற அந்த ஒருவரை என்ன செய்வது?

பழைய நரம்பியல் ஆசிரியர்:
அவரைக் கழித்துவிடாதீர்கள். 2004இல் ஹில்லிஸ் குழு, இன்சுலா போன 40 பேரையும் போகாத 40 பேரையும் பக்கவாதம் வந்த உடனேயே பார்த்தது. ரத்த ஓட்டத்தையும் அளந்ததால், சாகாமலே ரத்தம் குறைந்து செயலிழந்த நெற்றி மடிப்பு அவர்களுக்குத் தெரிந்தது. அப்ராக்ஸியா அதனோடுதான் பொருந்தியது, இன்சுலாவோடு இல்லை. உங்கள் நோயாளிக்கு அந்த வகை ஸ்கேன் உண்டா?

காட்பாடி ஆய்வு மாணவி:
இல்லை, சாதாரண எம்.ஆர்.ஐ. மட்டும். இன்னொரு முறை எடுக்க அவர் ஆம்பூரிலிருந்து வரச் சம்மதித்திருக்கிறார்.

பாலாற்றங்கரை:
ஆறு மாதம் கழித்து எடுத்தால் மூளை வேறு வழி கண்டுபிடித்திருக்காதா? முதல் நாள் நிலை அதில் தெரியுமா?

பழைய நரம்பியல் ஆசிரியர்:
முதல் நாள் நிலை தெரியாது. ஆனால் இன்றும் திணறுகிறார் என்றால் இன்றும் ரத்தம் குறைவாக இருக்கலாம், எடுக்கலாம். குறையவில்லை என்று வந்தால் என்னிடம் விளக்கம் இல்லை.