இரவு ஒரு மணிக்கு வண்டி எடுக்க யார் இருக்கிறார்கள்?

பாம்பன் மருமகள்

நாள் கணக்குப்படி கர்ப்பத்தின் பத்தாவது வாரம். ஸ்கேனில் கரு எட்டு வார அளவுதான் இருந்தது, 16 மில்லிமீட்டர், துடிப்பு இல்லை. ராமநாதபுரத்தில் பார்த்த மருத்துவர் தானாக வெளியேறும்வரை காத்திருக்கலாம், மாத்திரை வைக்கலாம், உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்யலாம் என்று மூன்று வழிகளையும் பொறுமையாகச் சொன்னார். வீட்டோடு முடிந்துவிடும் என்று நான் மாத்திரையைக் கேட்டேன். அவர் ரத்தப் பரிசோதனைத் தாளில் ஹீமோகுளோபின் 8.2 என்ற எண்ணைப் பேனாவால் வட்டமிட்டுவிட்டு, "இரவு ஒரு மணிக்கு ரத்தம் நிற்காமல் போனால் உங்கள் வீட்டில் வண்டி எடுக்க யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். கணவர் கடலில் இருந்தார், மாமனாருக்குக் கண் தெரியாது, பாலம் தாண்டி ராமநாதபுரம் வர ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. மறுநாள் காலையில் சுத்தம் செய்துகொண்டேன், மாலையில் வீடு திரும்பினேன். அந்த நீல வட்டம்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது. என் முடிவை நான் எடுத்தேனா, அந்தச் சாலை எடுத்ததா என்று தெரியவில்லை.

கீழக்கரை ஃபாத்திமா

சரியான முடிவுதான். இறந்த கரு உள்ளே இருந்தால் இரண்டே நாளில் விஷம் உடம்பெல்லாம் ஏறிவிடும். மாத்திரை வைத்தாலும் கடைசியில் சுத்தம் செய்யத்தான் வேண்டும், என் அக்காவுக்கு அப்படித்தான் ஆனது.

சாயல்குடி அம்மா

அவசரப்பட்டுவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. எனக்கும் துடிப்பு இல்லை என்றுதான் சொன்னார்கள், கரு 4 மில்லிமீட்டர் இருந்தது. நான் பிடிவாதமாகப் பத்து நாள் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தேன். திரையில் அரிசி மணி போல ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவன் இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கிறான்.

ஓய்வுபெற்ற செவிலியர், மண்டபம்

சாயல்குடி அம்மா, உங்கள் கதையும் இவருடையதும் ஒன்றல்ல. கரு 7 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் துடிப்பு தெரியாமல் போகலாம். அதனால் குறைந்தது ஏழு நாள் விட்டு மறுபடி பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. 16 மில்லிமீட்டரில் துடிப்பு இல்லையென்றால் அது முடிந்துபோன கரு. ஆனாலும் மனம் கேட்காதவர் இன்னொருவரிடம் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை.

ஃபாத்திமா சொல்வதில் பாதி சரி. மாத்திரைக்குப் பிறகு சிலருக்குச் சுத்தம் செய்ய நேரிடும், பெரும்பாலோருக்கு வேண்டியிருக்காது. விஷம் ஏறும் என்பது மட்டும் தவறு. காய்ச்சலும் நாற்றமான கசிவும் இல்லாதவர் ஒரு வாரம், இரண்டு வாரம்கூடக் காத்திருக்கலாம். சிக்கல் என்னவென்றால், வலியும் ரத்தமும் தொடங்கியவருக்குக் காத்திருப்பு நன்றாகப் பலிக்கும், இவரைப் போல ஒன்றும் தொடங்காதவருக்கு எந்த நாளில் தொடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 8.2 ரத்தத்தோடு அந்த நாள் தெரியாமல் தீவில் உட்கார்ந்திருப்பதைத்தான் மருத்துவர் தவிர்த்தார். 11 இருந்து, வீட்டில் ஆளும் இருந்திருந்தால் மாத்திரையையே கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

சுத்தம் செய்வதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. அபூர்வமாகக் கர்ப்பப்பையில் துளை விழலாம், அதன் உள்சுவர்கள் ஒட்டிக்கொள்ளலாம். அதனால்தான் சுரண்டாமல் குழாய் வைத்து உறிஞ்சுகிறார்கள்.

தொண்டி கணவர்

என் மனைவி மாத்திரையைத் தேர்ந்தெடுத்தாள். முதல் நாள் ஒரு மாத்திரையை விழுங்கினாள், இரண்டு நாள் கழித்து நான்கு மாத்திரைகளைப் பிறப்புறுப்பில் வைத்தார்கள். நான்கு மணி நேரத்தில் குளிர் நடுக்கமும் வயிற்றுப்போக்கும் வலியும் ஒன்றாக வந்தன. ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின் நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே போனால் உடனே வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நேரத்தை எழுதி எழுதிக் கோடு போட்டேன். முதல் மணியில் இரண்டு கோடு, அடுத்த மணியில் ஒன்று. அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்துத்தான் வண்டிச் சாவியைக் கீழே வைத்தேன். மூன்று வாரம் கழித்துச் சிறுநீர்ச் சோதனையில் ஒரு கோடுதான் வந்தது, முடிந்துவிட்டது என்றார்கள்.

ஒரு சந்தேகம். அவள் ஓ நெகடிவ், நெகடிவ் ரத்தக்காரர்களுக்குப் போடும் ஆன்டி-டி ஊசி எதுவும் போடவில்லை.

கீழக்கரை ஃபாத்திமா

ஆறு மாதத்துக்கு அடுத்த குழந்தையை நினைக்காதீர்கள். பேரீச்சையும் முருங்கைக்கீரையும் கொடுங்கள், பப்பாளியைக் கண்ணில் காட்டாதீர்கள், தலைக்குக் குளிக்க விடாதீர்கள், தனியாக வெளியே அனுப்பாதீர்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர், மண்டபம்

ஆறு மாதம் என்று கட்டாயம் எதுவும் இல்லை, ரத்தம் ஏறட்டும், அவர்கள் மனமும் தேறட்டும். தம்பி, சுத்தம் செய்திருந்தால் அந்த ஊசியை 72 மணி நேரத்துக்குள் போட்டிருப்பார்கள். பன்னிரண்டு வாரத்துக்கு முன் மாத்திரையில் முடிந்தால் தேவையில்லை என்போரும் உண்டு, எல்லோருக்கும் போடுவோரும் உண்டு. அடுத்த முறை கரு தங்கியதும் முதல் பரிசோதனையிலேயே இந்தக் கருச்சிதைவைச் சொல்லி, பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறதா என்று காட்டும் ஐசிடி என்ற ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். பாம்பன் மருமகளே, உங்கள் ரத்தப் பிரிவு என்ன?

பாம்பன் மருமகள்

பி பாசிட்டிவ். அந்தத் தாளில் அதையும் எழுதியிருந்தார்கள், நான் வட்டத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன்.